தூங்கி எழுந்தும் தீராத அசதி

பிரிட்டனின் எடின்பரோ நகரத்தில் மனநல மருத்துவர் ஜான் காக்ஸும் அவருடன் பணியாற்றிய இருவரும் 1987-ல் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். குழந்தை பெற்ற பெண்ணுக்கு மனச்சோர்வு இருக்கலாமா என்று சலித்துப் பார்ப்பதற்கான கேள்விகள் அவை. போன ஏழு நாளில் உங்களால் சிரிக்க முடிந்ததா, எதையாவது ஆசையோடு எதிர்பார்த்தீர்களா, ஏதாவது தப்பு நடந்தால் தேவையில்லாமல் உங்களையே நொந்துகொண்டீர்களா, காரணமே இல்லாமல் பயம் வந்ததா என்று அந்தத் தாள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். பத்தில் ஒன்றுகூட ‘அசதியாக இருக்கிறதா?’ என்று கேட்காது. பசி எப்படி என்றும் கேட்காது.

அவர்கள் வேண்டுமென்றேதான் அப்படி விட்டார்கள். அதுவரை புழக்கத்தில் இருந்த மனச்சோர்வுக் கேள்வித்தாள்கள் களைப்பு, தூக்கக் குறைவு, உடல் எடை, பசி ஆகியவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போட்டன. குழந்தை பிறந்து இருபது நாளான எந்தப் பெண்ணிடம் அந்தத் தாளைக் கொடுத்தாலும் மதிப்பெண் எகிறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பால் கொடுப்பவளுக்குக் களைப்பு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதனால் எல்லாத் தாய்மாருக்கும் பொதுவான உடல் அசதியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. ஆனால் அது ‘தூக்கம் குறைவா?’ என்று கேட்பதில்லை. மனசு சரியில்லாததால் தூங்க முடியாமல் போகிறதா என்றுதான் கேட்கிறது.

ஒரு கணவன் தெரிந்துகொள்ள வேண்டிய வழியும் இதுதான். மனைவி எவ்வளவு களைத்திருக்கிறாள் என்று பார்த்தால் விடை கிடைக்காது. களைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து போனவள் குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆனபிறகுதான் திரும்புவாள். கணவன் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவான். அதுவும் உள்ளூரில் இருந்தால். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர்வெல் போடுவதற்கு மாதக்கணக்கில் வட மாநிலங்களில் நிற்கின்றன. நாமக்கல் லாரிக்காரருக்கு ஒரு நடை போய்வரவே வாரங்கள் ஆகும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு இரவு ஷிப்ட். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு தலைகாட்டும் முதல் மூன்று மாதங்களில் அவளைப் பற்றிக் கணவனுக்குத் தெரிவதெல்லாம் செல்போனில் கேட்கும் குரல்தான்.

அந்தக் குரல் முதல் வாரத்தில் அழுதால் பதற வேண்டியதில்லை. பிரசவமான இரண்டாம், மூன்றாம் நாள் தொடங்கி, குழந்தை பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த அழுகை வருகிறது. சிரித்துக்கொண்டே இருப்பவள் திடீரென்று விசும்புவாள், அம்மாவிடம் எரிந்து விழுவாள், அரை மணி நேரத்தில் குழந்தையின் விரலைப் பிடித்துக் கொஞ்சுவாள். இதற்கு மருந்து தேவையில்லை. பத்து நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில், தானாக அடங்கிவிடும்.

காரணமும் தெரிந்ததுதான். ஒன்பது மாதமும் ஏறிக்கொண்டே இருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்கள் நஞ்சு வெளியேறியதும் சில நாட்களுக்குள் தடாலென்று சரிகின்றன. எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் சரிகிறது. அப்படியிருக்க, ஏன் சிலருக்கு மட்டும் அழுகை அடங்காமல் மனச்சோர்வாக மாறுகிறது?

அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்லப் பார்த்தது. கர்ப்பமாக இல்லாத பதினாறு பெண்களைச் சேர்த்தார்கள். எட்டுப் பேருக்கு முந்தைய பிரசவத்தில் மனச்சோர்வு வந்திருந்தது. மற்ற எட்டுப் பேருக்கு வந்ததில்லை. இரு குழுவினருக்கும் மருந்து மூலம் ஹார்மோன்களைக் கர்ப்பகாலம் போல உயர்த்தி, பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். முன்பு மனச்சோர்வு வந்த எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு அது திரும்ப எட்டிப்பார்த்தது. மற்ற எட்டில் ஒருவருக்கும் வரவில்லை. பதினாறு பேரை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் ஒன்று புரிந்தது: ஹார்மோன் இறக்கம் ஒன்றேதான், அதைத் தாங்கும் மூளையின் தன்மைதான் ஆளுக்கு ஆள் வேறு. ‘எங்க காலத்துல பத்துப் பெத்தோம், இப்படியா படுத்தோம்’ என்று பேசும் பெரியவர்களுக்கு இந்தச் சோதனையைச் சொல்லலாம். கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

ஆக, இரண்டு வாரம்தான் எல்லைக்கோடு. அதைத் தாண்டியும் மனசு மேலே வராமல், நாளின் பெரும்பகுதி, அநேகமாக எல்லா நாளும் கீழேயே கிடந்தால் அது வேறு சங்கதி.

அசதிக்கு ஓர் இயல்பு உண்டு. தூக்கம் கிடைத்தால் குறையும். அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு நாலு மணி நேரம் தூங்க விட்டால், எழுந்தவளின் முகத்தில் கொஞ்சமாவது தெளிவு தெரியும். பசிக்கும். பக்கத்து வீட்டுக் கதை கேட்பாள். மனச்சோர்வில் இருப்பவளுக்குக் குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பாள், மூளை ஓடிக்கொண்டே இருக்கும். தூங்கி எழுந்தாலும் பாரம் அப்படியே இருக்கும். அசதியில் இருப்பவள் ‘முடியலை, யாராவது குழந்தையைப் புடிங்க’ என்பாள். மற்றவளோ ‘நான் நல்ல அம்மாவே இல்லை’, ‘இந்தக் குழந்தைக்கு நான் லாயக்கில்லை’ என்பாள். முதலாமவளின் பேச்சு வேலையைப் பற்றியது. இரண்டாமவளின் பேச்சு தன்னைப் பற்றியது.

நம் ஊர்ப் பெண்கள் ‘மனசு சரியில்லை’ என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். தலைவலி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் எரிச்சல், கை கால் ஓய்ச்சல் என்று உடம்பின் மொழியில்தான் வெளியே வரும். சிலரிடம் சோகமே தெரியாது, கோபம்தான் தெரியும். இன்னும் சிலர் குழந்தை மூச்சு விடுகிறதா என்று ராத்திரி முழுக்கத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் அதைப் ‘பொறுப்பான புள்ள’ என்று பாராட்டவும் செய்வார்கள்.

புரிவதற்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ராசிபுரம் பக்கத்துக் கிராமத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள் அவள். கணவன் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில். முதல் வாரம் போன் பண்ணினால் அழுவாள், ‘எப்பங்க வருவீங்க’ என்பாள். பத்தாம் நாள் குழந்தை கொட்டாவி விடும் வீடியோ அனுப்பினாள். அதுவரை கவலையில்லை. மூன்றாவது வாரத்தில் வீடியோ வருவது நின்றது. ‘எப்ப வருவீங்க’ என்று கேட்பதும் நின்றது. போனை மாமியார் எடுத்து, ‘அவ தூங்கறாளுங்க மாப்பிள்ளை’ என்கிறார். அப்படியே பேசினாலும் ‘ம்’, ‘நல்லாருக்கேன்’, ‘வச்சிரட்டுங்களா’ மட்டும்தான். வாட்ஸ்அப்பில் பார்த்தால் கடைசியாக வந்த நேரம் விடியற்காலை 3.10, மறுநாள் 2.45. பால் கொடுக்க எழுந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறான். ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் அவளே சொல்கிறாள்: ‘பாப்பாவ எங்கம்மாவே நல்லாப் பாத்துக்கறாங்க. நான் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.’

கடைசி வாக்கியம் வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. மூன்றாவது வாரத்திலேயே துப்பு கிடைத்துவிட்டது. அவள் அழுகை குறைந்ததைத் தேறிவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். உண்மையில் ஆசையும் எதிர்பார்ப்பும்தான் குறைந்திருந்தன. தூரத்தில் இருப்பவனுக்குக் கண்ணீரைவிட நம்பகமான அடையாளம் இது: முன்பு எதைக் கேட்பாளோ அதைக் கேட்காமல் போவது.

போனில் என்ன கேட்பது? ‘சாப்டியா, பாப்பா தூங்குச்சா’ என்று கேட்டால் ‘ம்’தான் பதில். மருத்துவர்கள் பயன்படுத்தும் இரண்டே கேள்விகள் உண்டு. போன ஒரு மாதத்தில் மனசு கீழே விழுந்த மாதிரி, இனி ஒன்றும் நடக்காது என்ற மாதிரி அடிக்கடி இருந்ததா? முன்பு பிடித்த விஷயங்களில் இப்போது ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் போகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மேலே விசாரிக்க வேண்டும். இதையே வீட்டுப் பேச்சில் கேட்கலாம்: ‘பாப்பா தூங்கறப்ப உனக்குத் தூக்கம் வருதா கண்ணு? உள்ளுக்குள்ள என்ன ஓடுது?’ கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அதுதான் ஆண்களுக்குக் கஷ்டம். பதில் வருவதற்குள் ‘எல்லாம் சரியாப்போயிடும்’ என்று மூடிவிடுவார்கள். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டும் கேட்கக் கூடாது. பக்கத்தில் அம்மா இருக்கும்போது எந்தப் பெண்ணும் இதற்கு உண்மையான பதில் சொல்ல மாட்டாள்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இது எவ்வளவு பேருக்கு வருகிறது? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மூன்று மாதத்தில் சந்தித்துப் பேசினார்கள். பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் தேடிப் போனார்கள். பிறந்த வீடு போனவர்களைத் தேடுவதே ஒரு வேலை. 2002-ல் வெளிவந்த முடிவின்படி, பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர். கர்ப்பத்திலேயே மனச்சோர்வோடு இருந்தவர்கள் இதில் சேர்த்தி இல்லை. எடின்பரோ கேள்வித்தாளையும் தமிழாக்கி, தமிழ்ப் பெண்களிடம் சோதித்துச் சரிபார்த்து 2005-ல் வெளியிட்டது அதே கல்லூரிதான்.

யாருக்கு அதிகம் வந்தது என்று அந்த ஆய்வு சொல்வதைத்தான் கணவன்மார் நிதானமாகப் படிக்க வேண்டும். குறைந்த வருமானம், கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரச் சம்பவங்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது. பின்னர் அதே வட்டாரத்தில் நடந்த இன்னோர் ஆய்வு இந்தப் பட்டியலில் கணவனின் குடியையும் அடியையும் சேர்த்தது. வருமானத்தை ஒரு மாதத்தில் மாற்ற முடியாது. மற்றவற்றில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் இருப்பவை.

பெண் குழந்தை விஷயத்தை இந்த மாவட்டங்களில் சும்மா தாண்டிப் போக முடியாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலத்தில்தான். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் நாமக்கல்லும் இருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 2011-ல் அது 916 ஆக உயர்ந்தது. எண்கள் தேறிவிட்டன, வாய்கள் தேறவில்லை. குழந்தை பார்க்க வருகிறவர் ‘இதுவும் பொண்ணா, போகட்டும், அடுத்தது பாத்துக்கலாம்’ என்று சர்க்கரையைக் கொடுத்துவிட்டுப் போவார். தையல் வலியோடு பத்தியச் சோறு தின்றுகொண்டிருப்பவள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த இடத்தில் கணவன், ‘எனக்குப் பொண்ணுதாங்க வேணும்னு இருந்துச்சு, அடுத்ததப் பத்தி யாரும் பேச வேண்டாம்’ என்று எல்லார் முன்னாலும் சொன்னால் பேச்சு நிற்கும். தனியாக இருக்கும்போது ஆறுதல் சொல்வதற்கு இந்தப் பலன் கிடையாது. சபையில் பட்ட காயத்துக்குச் சபையில்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒத்தாசை என்றால் என்ன என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடலாம். தாய்க்கு ஒரே மூச்சாக நாலைந்து மணி நேரத் தூக்கம், தினமும். குழந்தை தாய்ப்பால் குடிக்கும்போது அது எப்படி முடியும் என்பார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் வேறு அறையில் படுக்கட்டும். குழந்தையை ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, சிணுங்கினால் தோளில் போட்டு நடப்பது எல்லாம் கணவனோ அம்மாயியோ பார்க்கலாம். முன்பே பீய்ச்சி வைத்த தாய்ப்பால் இருந்தால் நடுவில் ஒரு வேளைக்கு அதைக் கிண்ணத்தில் ஊட்டலாம். வெளியூரில் இருக்கும் கணவன் மாமியாரிடம் பேசி இதை ஏற்பாடு செய்ய வேண்டும். நாலைந்து நாள் இப்படித் தூங்கியும் அவள் முகம் தெளியவில்லை என்றால், அதுவே ஒரு பரிசோதனை மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்து மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

அங்கே முதலில் ரத்தம் பார்ப்பார்கள். அது சரியான வழி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. பிரசவத்தில் ரத்தம் போனபின் இன்னும் இறங்கியிருக்கலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, நிற்கும்போது கண் இருட்டுவது ஹீமோகுளோபின் குறைவால் வரலாம். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு மந்தமாகும். அதிலும் அசதி, மலச்சிக்கல், மனச்சோர்வு எல்லாம் வரும். இரண்டும் எளிய ரத்தப் பரிசோதனையில் தெரியும், மருந்தில் சரியாகும். ஆனால் ஹீமோகுளோபின் குறைவாக இருந்ததாலேயே ‘சத்து இல்லை, அவ்வளவுதான்’ என்று இரும்புச்சத்து மாத்திரையோடு வீடு திரும்பிவிடக் கூடாது. ரத்தசோகை யாரையும் ‘நான் இல்லாட்டியும் ஒண்ணுதான்’ என்று சொல்ல வைப்பதில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

மருத்துவரிடம் போகத் தனியாக நாள் பார்க்கவும் வேண்டாம். குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி, பிறகு இரண்டரை மாதம், மூன்றரை மாதம். ரிக்கிலிருந்து ஒரு தடவைதான் லீவு கிடைக்கும் என்றால், பெயர் வைக்கும் விசேஷத்தைவிட இந்த ஒன்றரை மாதத் தடுப்பூசி நாளுக்கு வருவது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாரும் குழந்தையின் எடையைக் கேட்பார்கள். அவளைப் பற்றிக் கேட்க வைப்பது கணவனின் வேலை. ‘மூணு வாரமா சரியாத் தூங்கறதில்லீங்க, குழந்தை தூங்கினாலும் தூங்கறதில்ல, எதுலயும் பிடிப்பில்லாம இருக்கா’ என்று நாள் கணக்கோடு சொல்ல வேண்டும். ‘கொஞ்சம் டல்லா இருக்கா’ என்றால் சத்து டானிக்தான் கிடைக்கும். வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமும் இதையே போனில் சொல்லலாம்.

சாவு பற்றிய கேள்வியைக் கேட்கப் பலருக்கு நா எழாது. கேட்டால் நினைவூட்டிவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. ‘செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?’ என்று நேராகக் கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை, மனதில் அடைத்துக் கிடந்ததைப் பேச வழி விடுகிறது. ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. அதுவரை அவளைத் தனியே விடக் கூடாது. தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் வேறு வீட்டுக்கு அப்புறப்படுத்த வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அபூர்வம்தான், ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரென்று வரும். நாள்கணக்கில் தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பாள், சம்பந்தமில்லாமல் பேசுவாள், யாரோ குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்பாள், காதில் குரல் கேட்கிறது என்பாள். இதைக் காத்து கருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இது பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய். அன்றே அவசரச் சிகிச்சை வேண்டும், குழந்தையை அவளிடம் தனியாக விடக் கூடாது. சரியான சிகிச்சையில் நன்றாகவே குணமாகும்.

மனச்சோர்வு லேசாக இருந்தால் பயிற்சி பெற்றவரோடு சில வாரங்கள் பேசும் சிகிச்சையே போதும். கூடுதலாக இருந்தால் மருந்து. மருந்து என்றதும் ‘பால் நின்னுபோகும், குழந்தைக்கு ஆகாது’ என்று வீட்டில் தடுப்பார்கள். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பாலூட்டிக்கொண்டே சாப்பிடலாம் என்றுதான் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், தேறியபின்பும் சில மாதங்கள் தொடர வேண்டும். ‘இப்பத்தான் நல்லாயிட்டாளே’ என்று பாதியில் நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு அதிகம் என்பதால், அப்போது கர்ப்பத்திலேயே மருத்துவரிடம் பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ரிக் வண்டியில் உட்கார்ந்திருப்பவர், முதலில் யாரிடமாவது கேட்டுத் தெளிய வேண்டும் என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழைக்கலாம். இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். கட்டணம் இல்லை.